பதினான்கு வருடத்துக்கு ஒரே வரி

லோகேஸ்வரனுக்கு ஆகாத சொல் ஒன்று உண்டு. டெக்னீஷியன். அந்தச் சொல்லைத்தான் சிங்கப்பூரில் பதினான்கு வருடம் கழுத்து அட்டையில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தான். 'சீனியர்' என்று முன்னால் ஒரு ஒட்டு இருந்தது. அதனால் சம்பளத்தில் கொஞ்சம் கூடியது, மரியாதையில் ஒன்றும் கூடவில்லை.

அவன் வேலை பார்த்தது சில்லு தயாரிக்கும் தொழிற்சாலையில். சில்லுக்கும் அதன் வெளிக்கால்களுக்கும் நடுவே தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைத் தைக்கும் மிஷின்கள் அங்கே இருந்தன. ஒரு ஷிப்டில் நாற்பது மிஷின் அவன் பொறுப்பு. கம்பி ஒட்டவில்லையென்றால் மிஷினை நிறுத்துவது அவன். அனுமதித்த எல்லைக்குள் சூட்டையும் அழுத்தத்தையும் மாற்றுவது அவன். கம்பியை இழுத்துப் பரிசோதித்து, கையெழுத்துப் போட்டு, மறுபடி ஓடவிடுவதும் அவன்தான். பல்கலைக்கழகத்திலிருந்து புதிதாக வரும் இன்ஜினியர் பிள்ளைகளை முதல் ஆறு வாரம் அவன் பக்கத்தில்தான் நிறுத்துவார்கள். கற்றுக்கொண்டு போன பிள்ளைகள் இரண்டே வருடத்தில் அவனுக்கே மேலதிகாரியாகத் திரும்பி வந்தார்கள். இவன் கையில் இருந்ததோ பயிற்சிப் பள்ளிச் சான்றிதழ் ஒன்று மட்டும். எரிச்சலாக இருக்காதா? இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

போன மார்ச்சில் மலேசியாவில் பினாங்குப் பக்கமுள்ள நிபோங் திபாலிலிருந்து மனைவி மோகனா போன் செய்தாள். மோகனா அங்கே ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர், ஊர்ப் பேச்சில் கிராணி. சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

"நம்ம ரூபினி இந்த வருஷம் பாரம் அஞ்சு, ஸ்கூல்ல கடைசி வருஷம். அவ பரீட்சை எழுதுறப்ப அப்பா வீட்ல இருக்கணும். இல்லன்னா அங்கயே இருந்துக்குங்க. மாசத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போற விருந்தாளிக்கு என்னால இனிமே பொங்கிப் போட முடியாது" என்றாள்.

அவள் சொன்னால் செய்வாள். லோகேஸ்வரன் ராஜினாமா எழுதிக் கொடுத்தான். ஷிப்டு மேனேஜர் பழனியப்பன் நல்ல மனிதர். ஆகஸ்டு கடைசி வெள்ளிக்கிழமை வரை அந்த இடத்தை நிரப்பாமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அதற்குள் பினாங்கில் வேலை அமையாவிட்டால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை பெர்மிட்டுக்கு மறுபடி விண்ணப்பம் போடுவார். அதற்குப் பிறகு அவர் கையில் ஒன்றுமில்லை. ஆக, கணக்கு எளிது. வெள்ளிக்கிழமைக்குள் இங்கே வேலை, இல்லாவிட்டால் திரும்ப அங்கே, மகளின் பரீட்சையும் மனைவியின் முகமும் இல்லாமல்.

மே கடைசியில் ஊர் வந்து சேர்ந்தபோது, மூன்று மாதம் என்ன பெரிய காரியம் என்றுதான் நினைத்தான். பினாங்கில் தொழிற்சாலைக்கா பஞ்சம்? வேலை விண்ணப்பத்துக்கு ஒரு தாள் தயாரித்தான். பெயர், அடையாள அட்டை எண், படிப்பு. அனுபவம் என்ற இடத்தில் பதினான்கு வருடத்துக்கும் சேர்த்து ஒரே வரி: சீனியர் டெக்னீஷியன், கம்பி தைக்கும் மிஷின் பராமரிப்பு, சிங்கப்பூர். அவ்வளவுதான். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அதற்கு மேல் விளக்கம் எதற்கு? நான் அதைச் செய்தேன், இதைச் சாதித்தேன் என்று தன்னைத்தானே பாடிக்கொள்வது அவனுக்குக் கூச்சம். சரியான மடையன் என்று திட்டத் தோன்றுகிறது. ஆனால் அந்த மடத்தனம் நம்மில் பாதிப் பேருக்கு உண்டு.

வேலை தேடும் இணையதளம் வழியாகப் பதினொரு கம்பெனிக்கு அனுப்பினான். ஒன்பது இடம் வாயே திறக்கவில்லை. இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள். பயிற்சிப் பள்ளியை நேற்று முடித்த பிள்ளைகளோடு வரிசையில் உட்காரவைத்து, மிஷினில் ஊசி மாற்றத் தெரியுமா என்று கேட்டார்கள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவன் போன அந்தத் தொழிற்சாலைகளில் டெக்னீஷியன் என்றால் பாகம் மாற்றுகிறவன். சூட்டையோ அழுத்தத்தையோ தொடவேண்டுமென்றால் இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும். மிஷினின் பாஸ்வேர்டு இன்ஜினியர் கையில். சிங்கப்பூரில் அவன் கையெழுத்துப் போட்ட வேலையை இங்கே கேட்பதற்கே அவனுக்கு உரிமையில்லை.

ஊர் வாயும் சும்மா இருக்கவில்லை. பசியாறப் போன கடையில், சிங்கப்பூர் வெள்ளியை எண்ணிய கைக்கு நம்மூர்ச் சம்பளம் அரிக்கும் போல என்று அவன் காதுபடப் பேசினார்கள். ஒரு பெரிய மனிதர், அங்கே என்ன தப்பு பண்ணினான் என்று துரத்திவிட்டார்களோ என்று கவலைப்பட்டார். எத்தனை அக்கறை பாருங்கள்.

மோகனாவின் தம்பி கிஷன்தான் வழி சொன்னான். கிஷன் இன்ஷூரன்ஸ் விற்கிறவன். எதையும் விற்பான். மடிக்கணினியைத் திறந்து, சீனியர் டெக்னீஷியனை அடித்துவிட்டு எக்விப்மென்ட் இன்ஜினியர் என்று தட்டி, அச்செடுத்து வைத்தான்.

"மாமா, நீங்க செஞ்ச வேலை இன்ஜினியர் வேலைதானே? பேரை மட்டும் சரி பண்றோம். எவன் சிங்கப்பூருக்குப் போன் போட்டுக் கேக்கப் போறான்? எல்லாரும் போடுறதுதான் லா."

லோகேஸ்வரன் அவனைக் கண்டபடி ஏசினான். பொய் எழுதிப் பிழைக்கும் பிழைப்பு எனக்கு வேண்டாம் என்றான். இரண்டு நாள் அந்தத் தாள் மேசைமேல் கிடந்தது. மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இருபது நாள் என்று நாட்காட்டி சொன்னபோது, அதை எடுத்துப் படித்தான். நாற்பத்துநாலு வயதில் முதல் தடவையாகத் தன் பெயருக்குக் கீழே அந்தச் சொல்லைப் பார்த்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் கதை சொல்வதில் அர்த்தமில்லை. தட்டியது கிஷன், ஆனால் அதை அனுப்பியது லோகேஸ்வரனின் விரல். கிஷனின் நண்பன் ஒருவன் கொடுத்த முகவரிக்கு நேராக மின்னஞ்சலில் போனது.

அனுப்பிய நான்காம் நாள் புக்கிட் தெங்காவில் இருந்த ஒரு சில்லு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. மேடம் ஒருத்தி மிஸ்டர் லோகேஸ்வரன் என்று மரியாதையாகப் பேசி, அந்த மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை நேர்முகத்துக்கு வரச் சொன்னாள். முன்பு அனுப்பிய பதினொன்றில் இந்தக் கம்பெனியும் ஒன்று என்பது அவனுக்கு நினைவிலேயே இல்லை.

வாசலில் காவலுக்கு இருந்த ஜாகாவிடம் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனதும் ஒரு படிவம் தந்தார்கள். கடைசியாக வகித்த பதவி என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு இன்ஜினியர் என்று எழுதியது. கடைசிப் பக்கத்தில், மேலே சொன்னதெல்லாம் உண்மை, பொய்யானால் விண்ணப்பம் தள்ளப்படும், வேலையில் சேர்ந்திருந்தாலும் நீக்கப்படுவேன் என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழேயும் கையெழுத்துப் போட்டான்.

அறையில் மூன்று பேர். போனில் பேசிய மனிதவளப் பிரிவு நித்யா. மிஷின் பிரிவில் இருபது வருடம் பழம் தின்று கொட்டை போட்ட ஹஸ்ருல். நடுவில் இன்ஜினியரிங் மேனேஜர் வயிரவன், கெலுகோர் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு இதே கம்பெனியில் படிப்படியாக ஏறியவர். லோகேஸ்வரனைவிட ஐந்தாறு வயது சின்னவர். சிங்கப்பூர் போய் வந்தவர்களை அவருக்குப் பிடிக்காது என்பது முதல் கேள்வியிலேயே தெரிந்தது. அங்கே காற்றே வேறு மாதிரி வீசுமாமே என்று ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்தார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

கால் மணி நேரம் நன்றாகத்தான் போனது. பிறகு நித்யா ஒரு கோப்பைத் திறந்து, இரண்டு தாளை எடுத்து, மேசையில் பக்கம் பக்கமாக வைத்தாள். ஒரே அடையாள அட்டை எண். ஒரே படம். ஜூன் மாதத் தாளில் சீனியர் டெக்னீஷியன். ஆகஸ்டு மாதத் தாளில் இன்ஜினியர். ஒரே எண்ணில் இரண்டு விண்ணப்பம் வந்தால் எங்கள் கணினி காட்டிக்கொடுத்துவிடும் என்று அவள் தணிந்த குரலில் சொன்னாள். அவளுக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும், அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

வயிரவன் அதுவரை பேசிய ஆங்கிலத்தை விட்டார். மரியாதைக்கு ஆங்கிலம், வாங்கு வாங்கென்று வாங்குவதற்குத் தமிழ்.

"ரெண்டு மாசத்துல டெக்னீஷியன் இன்ஜினியர் ஆயிட்டீங்களா அண்ணே? எந்த யூனிவர்சிட்டி? நாங்க நாலு வருஷம் படிச்சோம், நீங்க நாலு எழுத்தை அழிச்சீங்க, அவ்வளவுதானா?"

அந்த 'அண்ணே'யைக் கேட்டவர்களுக்குத்தான் அதில் இருந்த நக்கல் புரியும். லோகேஸ்வரன் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எழுந்து போயிருக்கலாம். அவனுக்குக் கோபம் வர நாளாகும், ஆனால் வந்துவிட்டால் யார் எவர் என்று பார்க்காது. பதினான்கு வருடக் கோபம் அந்த அறையில்தான் வந்தது.

"எழுதுனது தப்பு. ஒத்துக்கிறேன். ஆனா செஞ்ச வேலை பொய் இல்ல. உங்க இன்ஜினியர்ங்க செய்யிற வேலையை நான் ஷிப்டுக்கு நாப்பது மிஷின்ல செஞ்சேன். நம்பலைன்னா கேளுங்க. எதை வேணும்னாலும் கேளுங்க" என்றான்.

வயிரவன் கேட்கவில்லை. கேட்டது ஹஸ்ருல். மலாயில், மெதுவாக, கையைக் கட்டிக்கொண்டே. அவர்கள் வரிசையில் ஒரு மிஷின் மூன்று வாரமாக மானத்தை வாங்குகிறது. கம்பி வெளிக்காலில் ஒட்டவில்லை, எப்போது பார்த்தாலும் ஒரே மூலையில். ஊசியை மூன்று முறை மாற்றியாயிற்று, அழுத்தும் விசையையும் கூட்டியாயிற்று. நீ என்ன செய்வாய்?

விசையைக் கூட்டியதை முதலில் பழையபடி குறைப்பேன் என்றான் லோகேஸ்வரன். ஒட்டாதது எல்லா இடத்திலும் என்றால் ஊசி, விசை, அழுக்கு என்று தேடலாம். ஒரே மூலையில் என்றால் பிடிமானம். மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் கவ்வி அந்த மூலையில் சரியாக உட்காரவில்லை. அடியில் கால் துள்ளுகிறது. துள்ளுகிற காலில் எத்தனை விசை கொடுத்தாலும் கம்பி எப்படி ஒட்டும்? மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு இடுக்கி முனையால் அந்தக் காலைத் தொட்டுப் பாருங்கள், அசையும். கவ்வியை மாற்றி, முப்பது கம்பியை இழுத்துப் பார்த்து, இழுவை அளவு சரியாக வந்த பிறகுதான் ஓடவிடுவேன். அதுவரை அந்த மிஷினில் ஓடிய சரக்கு அத்தனையையும் நிறுத்திவைப்பேன்.

யாரைக் கேட்டு நிறுத்துவாய் என்றார் ஹஸ்ருல்.

"யாரையும் கேக்க மாட்டேன். அங்க அது என் பொறுப்பு."

ஹஸ்ருல் கட்டிய கையைப் பிரித்தார். வயிரவன் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். வயிரவன் விடவில்லை. பேச்சில் எல்லாரும் கெட்டிக்காரர்கள்தான், நீங்கள் எழுதிய அறிக்கை ஏதாவது இருந்தால் காட்டுங்கள் என்றார்.

இருந்தது. லோகேஸ்வரனின் போனில், இதே மாதிரி ஒரு கோளாறுக்கு அவன் எழுதி, மேலே அவன் பெயர் போட்ட அறிக்கையின் படம் இருந்தது. கை பாக்கெட்டுக்குள் போய்விட்டது. கம்பெனி ரகசியத்தை வெளியே காட்டமாட்டேன் என்று அங்கே கொடுத்த கையெழுத்து அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போனை எடுக்காமல் கையை வெளியே எடுத்தான். அது அவங்க சொத்து, காட்ட முடியாது என்றான்.

வயிரவன் அவனையே பார்த்தார். பார்வையில் ஏளனம் போய்விட்டது, எரிச்சல் போகவில்லை. ஜூன் மாதத் தாளை விரலால் தட்டினார்.

"இதுல உண்மை இருக்கு, வேலை இல்ல. அதுல வேலை மாதிரி ஒண்ணு இருக்கு, உண்மை இல்ல. டெக்னீஷியன்னே போட்டு, இப்ப வாயால சொன்னதைக் கீழ எழுதியிருந்தா ஜூன்லயே கூப்பிட்டிருப்பேன். எனக்கு ஆள் இல்லாம மூணு வாரமா மிஷின் மக்கர் பண்ணுது, தெரியுமா? இப்ப என்ன செய்யச் சொல்றீங்க? பொய்க் கையெழுத்துப் போட்ட ஆளுக்கு மிஷினை ஓடவிடுற கையெழுத்தை நான் எப்படிக் குடுக்கிறது?"

லோகேஸ்வரனுக்கு அந்த மனிதனை அறையலாம் போல இருந்தது, ஆனால் அந்த மனிதன் கேட்டது நியாயமாக இருந்தது. இதைவிடக் கொடுமை வேறென்ன வேண்டும்? வாசல்வரை வந்த நித்யா, மறுபடி விண்ணப்பிக்க முடியாதபடி அவன் பெயர் கணினியில் இரண்டு வருடத்துக்கு நிறுத்திவைக்கப்படும் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டு, இன்னொன்றும் சொன்னாள். பதவியை அங்கே கொடுத்தபடியே எழுதுங்கள் அண்ணே, நாங்கள் கேட்டால் அந்தக் கம்பெனி அதைத்தான் சொல்லும். அந்தப் பதவிக்கு அங்கே என்ன பொருள் என்பதை அடுத்த வரியில் எழுதுங்கள், அது எங்களுக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போனால் கிஷன் உட்கார்ந்திருந்தான், கேக் வேறு வாங்கிவைத்துக்கொண்டு. லோகேஸ்வரன் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். இனி என் வீட்டு வாசற்படி மிதித்தால் காலை உடைப்பேன் என்று கத்தியது நாலு வீட்டுக்குக் கேட்டது. கிஷனும் சும்மா இல்லை, அனுப்பினது யாரு மாமா என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் போனான்.

மோகனா தடுக்கவுமில்லை, சமாதானம் சொல்லவுமில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்லிக் கேட்டாள். கவ்வி, இழுத்துப் பார்த்தது, சரக்கை நிறுத்துவது எல்லாம் கேட்டாள். கேட்டு முடித்ததும்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

"பதினாலு வருஷமா நீங்க மிஷினைத் துடைச்சு எண்ணெய் போடுறீங்கன்னுதான் நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ரூபினி ஸ்கூல்ல கேட்டப்பவும் அப்படித்தான் எழுதிக் குடுத்தா. வீட்டுக்கு வந்தா வேலை எப்படின்னு கேட்டா, பரவால்லன்னு ஒரு வார்த்தை. கட்டினவளுக்கே தெரியாததை அந்த வயிரவன் எங்கேருந்து தெரிஞ்சுக்குவான்?"

லோகேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான். வயிரவன் பேசியது தோலில்தான் பட்டது. இது உள்ளே போனது.

அன்று மாலையும் மறுநாள் மாலையும் மோகனா மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தாள். அவன் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். மேலே சீனியர் டெக்னீஷியன் என்றே போட்டாள். அதன் கீழே அந்தப் பதவிக்கு அங்கே இருந்த அதிகாரம். ஷிப்டுக்கு எத்தனை மிஷின், யார் சொல்லாமல் எதை நிறுத்தலாம், எதற்குக் கையெழுத்து, எத்தனை இன்ஜினியருக்குப் பயிற்சி. சரக்கின் பெயர், வாடிக்கையாளர் பெயர் எதுவும் வரக்கூடாது என்று அவன் சொன்னதையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். சும்மா நிறைய என்று சொன்னால் விடமாட்டாள். நிறைய என்றால் எத்தனை, எந்த வருடம் என்று அதட்டுவாள். பதினேழு இன்ஜினியர்கள் என்று எண்ணி முடித்ததும், அதைத் தனி வரியாகத் தட்டினாள்.

பழனியப்பனிடம் கடிதம் கேட்டான். கம்பெனி கொடுப்பது பதவியும் தேதியும் மட்டும், அதற்கு மேல் ஒரு வரியும் தராது, வேண்டுமானால் யாராவது கேட்டால் நான் போனில் சொல்கிறேன் என்றார் அவர். அவர் பெயரையும் எண்ணையும் தாளின் அடியில் போட்டு, வியாழக்கிழமை நாலு கம்பெனிக்கு அனுப்பினார்கள்.

ஒரே நாளில் எந்தக் கம்பெனி பதில் போடும்? வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிவரை போன் அடிக்கவில்லை. ஐந்தரைக்கு லோகேஸ்வரன் பழனியப்பனுக்கு வருகிறேன் என்று செய்தி அனுப்பினான். ஒரு வருட ஒப்பந்தம். விட்டுப் போய்ச் சேருவதால் புது ஆள் கணக்கு. கழுத்து அட்டையில் சீனியர் இருக்காது, மிஷின் பொறுப்பு மட்டும் அதேதான்.

பெர்மிட் வந்து, பட்டர்வொர்த்தில் பஸ் ஏறிய நாளில் மோகனா அழவில்லை. ரூபினி பரீட்சைக்கு வரமாட்டீர்கள் என்பதை இனி நான்தான் அவளிடம் சொல்லவேண்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.

"ஒவ்வொரு ஷிப்டும் முடிஞ்சதும் என்ன செஞ்சீங்கன்னு எனக்கு எழுதி அனுப்பணும். தேதி போட்டு. பரவால்லன்னு அனுப்புனீங்க, போனை எடுக்கவே மாட்டேன்."

முதல் ஷிப்டு முடிந்த சாயங்காலம், புது அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, லோகேஸ்வரன் பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே தட்டினான். இன்று மூன்று மிஷினை நிறுத்தினேன். இரண்டில் கவ்வி மாற்றினேன். புது இன்ஜினியர் ஒரு பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்தது.

உடனே பதில் வந்தது. யார் சொல்லி நிறுத்தினீர்கள்?

அவன் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டான். பிறகு எழுதினான்: யாரும் சொல்லவில்லை. நான்தான்.